அரசுப் பத்திரத்தின் விலை ஏன் இறங்கியது? (ஜூன் 2022)

கோபி விவசாயி:
2020இல் தரகர் மூலம் 1 லட்சம் ரூபாய்க்கு 10 ஆண்டு அரசுப் பத்திரம் வாங்கினேன். ஆண்டுக்கு 6,000 வட்டி தவறாமல் வருகிறது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக விற்கலாம் என்று தரகரிடம் கேட்டால், வெளியே வட்டி ஏறிவிட்டதாம், 91,200 ரூபாய்தான் கிடைக்குமாம். வட்டி ஏறுவது எனக்கு நல்லதுதானே? யாராவது விளக்குங்கள்.

திருப்பூர் அக்கவுண்டன்ட்:
ரிசர்வ் வங்கி, மற்ற வங்கிகளுக்குத் தான் கடன் தரும் ரெப்போ வட்டியை மே மாதம் 4இலிருந்து 4.4 சதவீதமாகவும், இந்த மாதம் 4.9 ஆகவும் உயர்த்தியது. இப்போது புதிய பத்திரம் ஏறக்குறைய 7.5 சதவீதம் தருகிறது. உங்களுடையதில் ஆண்டுக்கு 1,500 குறைவு. மீதி 8 ஆண்டுக்கு 12,000. ஆகவே 88,000தான் நியாயமான விலை.

பெருந்துறை அம்மா:
என் வங்கி டெபாசிட்டும் 2020இல் போட்டதுதான். அதில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லையே!

ஈரோடு பெரியவர்:
கோபித் தம்பி, உங்கள் பக்கத்து வழக்கத்தை வைத்தே சொல்கிறேன். ஒரு தென்னந்தோப்பை ஆண்டுக்கு 60,000 என்று 10 ஆண்டுக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். இரண்டு ஆண்டில் பக்கத்துத் தோப்பு 75,000க்குப் போகிறது. மரமும் மண்ணும் ஒன்றுதான். ஆனால் உங்கள் தோப்பை வாங்குகிறவர் இன்னும் 8 ஆண்டுகள் அந்த 60,000த்துக்கே கட்டுப்பட வேண்டும். அந்தக் குறையை விலையில் கழித்துக்கொண்டுதான் பணம் எண்ணுவார். பத்திரத்திலும் வட்டி எழுதியாகிவிட்டது. அசைகிற இடம் விலை ஒன்றுதான்.

அக்கவுண்டன்ட் தம்பி சொன்ன காரணம் சரி, கணக்கு சற்றுத் தவறு. எட்டாம் ஆண்டு வராமல் போகும் 1,500க்கு ஈடாக இன்றே 1,500 கழிப்பது அநியாயம். 7.5 சதவீதத்தில் இன்று 841 ரூபாய் போட்டால் அன்று அது 1,500 ஆகிவிடும். எட்டு ஆண்டுக் குறையையும் இப்படி இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் சுமார் 8,790 வரும். மீதி 91,210. தரகர் சொன்னது சரியான விலைதான்.

அம்மா, உங்கள் டெபாசிட்டை யாரும் சந்தையில் விலை கேட்பதில்லை, அதனால் குறை கண்ணுக்குத் தெரியவில்லை. பழைய வட்டியில் மாட்டியிருப்பது நீங்களும்தான்.

கோபி விவசாயி:
அப்படியானால் விற்று, 7.5 சதவீதப் பத்திரம் வாங்கினால் லாபமா, ஐயா?

ஈரோடு பெரியவர்:
லாபம் இல்லை. 91,210க்குத்தான் புது வட்டி கிடைக்கும். இழந்ததை அது ஈடுகட்டும், அவ்வளவே. குத்தகை முடியும் நாள் நெருங்க நெருங்கத் தோப்பின் விலை மீள்வதுபோல, முதிர்வு நெருங்கும்போது உங்கள் பத்திரமும் மீளும். இதே 7.5 சதவீதம் நீடித்தால், ஓராண்டு மட்டும் மீதமிருக்கும்போது 98,600 போகும். 2030இல் முழு 1 லட்சம் கைக்கு வரும்.

திருப்பூர் அக்கவுண்டன்ட்:
நான் காலத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவருக்குக் கட்டணம் இந்த ஆண்டே வேண்டுமே. நகைக்கடன் வாங்கிவிட்டுப் பத்திரத்தை வைத்துக்கொள்ளலாமா?

ஈரோடு பெரியவர்:
நகைக்கடன் வட்டி 7.5க்கு மேல் என்றால் நான் விற்கவே சொல்வேன். அதற்குக் கீழே கிடைக்குமா என்று கூட்டுறவு வங்கியில் கேட்டுவிட்டு வாருங்கள், தம்பி.

கோபி விவசாயி:
திங்கட்கிழமை கேட்டுவிட்டு எழுதுகிறேன், ஐயா.