தொடுகோடு வரைந்து மூலம் தேடும் முறை: என்ன பெயர் வைக்கலாம்?

க.வ., மதுரை

அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்காக எண்முறைக் கணிதக் கையேடு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். சமன்பாட்டின் மூலத்தைத் தோராயமாகக் கண்டுபிடிக்கும் அதிகாரத்தில் ‘இருசமக்கூறிடும் முறை’, ‘வெட்டுக்கோட்டு முறை’ என்று செயலைச் சொல்லும் பெயர்கள் வருகின்றன. மூன்றாவதாக வரும் நியூட்டன்–ராப்சன் முறைக்கு மட்டும் ஆட்களின் பெயர். வளைவரைக்குத் தொடுகோடு வரைந்து, அது x அச்சை வெட்டும் இடத்தை அடுத்த மதிப்பாக எடுத்து, அங்கிருந்து மறுபடி தொடுகோடு வரைவதுதான் அந்த முறை. அதைச் சொல்லும் பெயர் வேண்டும். கூடவே, ஒரு தடவை செய்வதற்கு ஒரு சொல்லும், ஒவ்வொரு தடவையும் பழைய மதிப்பிலிருந்து கழிக்கும் f(x)/f′(x) என்ற அளவுக்கு ஒரு சொல்லும் தேவை.

பா.ந., சேலம்

‘நெருங்கல் முறை’ என்று வைக்கலாமே. ஒவ்வொரு தடவையும் விடையை நெருங்குகிறோம். சரியான இலக்கங்களும் தடவைக்குத் தடவை இரட்டிப்பாகின்றன. அந்த வேகம்தான் இந்த முறையின் சிறப்பு, பெயரில் அது தெரிய வேண்டும். கழிக்கும் அளவை ‘நெருக்கம்’ எனலாம்.

சி.ம., யாழ்ப்பாணம்

சொல்லைத் தேர்வதற்கு முன் ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பார்ப்போம். எந்தப் பெயர் தாங்கும், எது தாங்காது என்பது அதிலேயே தெரிந்துவிடும். நியூட்டன் 1669இல் எழுதிய கட்டுரையில் எடுத்துக்கொண்ட சமன்பாட்டையே எடுப்போம்: x³ − 2x − 5 = 0. சாய்வைத் தருவது 3x² − 2.

x = 2இல் தொடங்குங்கள். 8 − 4 − 5 = −1. சாய்வு 10. கழிக்க வேண்டியது −1/10, ஆகவே அடுத்த மதிப்பு 2.1.

இரண்டாம் சுற்றில் 9.261 − 4.2 − 5 = 0.061. சாய்வு 3 × 4.41 − 2 = 11.23. 0.061ஐ 11.23ஆல் வகுத்தால் 0.005431879. இதைக் கழித்தால் 2.094568121.

மூன்றாம் சுற்றுக்கு வர்க்கம் 4.387215614, கனம் 9.189321965. கனத்திலிருந்து 4.189136242ஐயும் 5ஐயும் கழித்தால் மிஞ்சுவது 0.000185723. சாய்வு 11.161647. வகுத்தால் 0.00001664. புதிய மதிப்பு 2.0945514816. உண்மையான மூலம் 2.09455148154 என்று தொடங்குகிறது.

பிழைகளை மட்டும் பாருங்கள். 2.1இல் பிழை சுமார் 0.00545. அடுத்ததில் 0.0000166. அதற்கடுத்ததில் பத்தாம் தசம இடத்துக்குப் போய்விட்டது. ஒவ்வொரு பிழையும் முந்தையதன் வர்க்கத்தைக் கிட்டத்தட்ட 0.56ஆல் பெருக்கியது. f″/(2f′) என்பதன் மதிப்பு மூலத்தருகே அதுதான். இலக்கங்கள் இரட்டிப்பாகின்றன என்று பா.ந. சொன்னது இந்த இடத்தில் சரி.

ஆனால் அதே சமன்பாட்டை 0.8இல் தொடங்குங்கள். f = −6.088, சாய்வு −0.08. வகுத்தால் 76.1. அதைக் கழித்தால் அடுத்த மதிப்பு −75.3. விடை 2.09இல் இருக்க, ஒரே சுற்றில் 75க்கு அப்பால், அதுவும் எதிர்ப்பக்கம் போய் விழுகிறோம். 0.8165இல் வளைவரை கிடையாகத் திரும்புகிறது. அதன் அருகே தொடலி, அதாவது தொடுகோடு, ஏறக்குறைய x அச்சுக்கு இணையாகக் கிடப்பதால் எங்கோ தொலைவில்தான் அச்சை வெட்டும். 0.9இல் தொடங்கினாலும் முதலில் 15க்குத் தாவும். ஆனால் அது மூலம் இருக்கும் பக்கம் என்பதால் 10, 6.8, 4.6 என்று இறங்கி வந்து சேர்ந்துவிடும்.

‘நெருங்கல்’ என்பது இந்த முறை தரும் வாக்குறுதி அல்ல. நல்ல தொடக்க மதிப்பு அமைந்தால் கிடைக்கும் பலன். பலனைப் பெயராக வைத்தால், பலிக்காத கணக்கை மாணவர் என்னவென்று அழைப்பார்? செயலைத்தான் பெயராக்க வேண்டும். செயல் தொடலி வரைதல்.

த.ரா., கோயம்புத்தூர்

எனக்கும் இதே சிக்கல்தான். கடன் தவணைத் தொகையிலிருந்து வட்டி விகிதம் கண்டுபிடிக்க எக்செலில் `RATE` போட்டால் சில கணக்குகளில் `#NUM!` வருகிறது. அந்தக் கணக்குக்கு விடையே இல்லை என்று பொருளா? இதற்கு ஏதாவது தமிழ்ச்சொல் இருக்கிறதா?

சி.ம., யாழ்ப்பாணம்

த.ரா. ஐயா, நீங்கள் கேட்டது வேறு கேள்வி. ஆனாலும் நமக்கு உதவுகிறது. `RATE` சுற்றுச் சுற்றாகத்தான் தேடும். 20 சுற்றுக்குள் அடுத்தடுத்த மதிப்புகள் 0.0000001 அளவுக்கு ஒன்றோடொன்று ஒத்துவராவிட்டால் `#NUM!` காட்டி நின்றுவிடும். விடை இல்லை என்று அது சொல்லவில்லை. விடையில் நிலைக்கவில்லை என்றுதான் சொல்கிறது. கடைசி இடத்தில் `guess` என்று ஒன்று கேட்கும். அங்கே எதையும் தராவிட்டால் 10% என்று எடுத்துக்கொள்ளும். மாதத் தவணை என்றால் மாத விகிதத்துக்கு அருகிலான ஒரு மதிப்பு, உதாரணமாக 1%, கொடுத்துப் பாருங்கள். அதற்கு முன்பு, கடன் தொகையும் தவணையும் எதிரெதிர்க் குறியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் ஒரே குறியில் இருந்தால் எந்தத் தொடக்க மதிப்பும் காப்பாற்றாது.

க.வ. கையேட்டில் இதற்கும் ஒரு சொல் வேண்டும். ‘ஒருங்கவில்லை’ என்பதே போதும் என்று நினைக்கிறேன்.

பா.ந., சேலம்

0.8 கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ‘நெருங்கல்’ பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் ‘தொடுகோட்டு மீள்கணிப்பு’ என்று வைப்போம். ஆனால் கையேட்டில் ஒரு எச்சரிக்கை வேண்டும்: ஒவ்வொரு சுற்றிலும் சாய்வை முழுத் துல்லியத்தோடு கணக்கிட வேண்டும். சாய்வில் பிழை வந்தால் விடையிலும் பிழை வந்துவிடும்.

மு.இ., சிங்கப்பூர்

பா.ந. சொல்வது பாதிதான் சரி. துல்லியம் வேண்டியது f-க்கு. சாய்வு கொஞ்சம் தவறினாலும் வேகம் குறையுமே தவிர, போய்ச் சேரும் இடம் மாறாது.

மேலே உள்ள கணக்கிலேயே சாய்வை 10 என்று கடைசிவரை மாற்றாமல் வைத்துப் பாருங்கள். 2, 2.1, 2.0939, 2.094627 என்று போகும். மூலத்தின் இருபுறமும் மாறிமாறி விழுந்து, சுற்றுக்கு ஏறத்தாழ ஓர் இலக்கம் கூடுகிறது. வேகம் குறைவு, ஆனால் அதே மூலம்தான்.

இப்போது மறுபக்கம். யாரோ இரண்டாம் சுற்றின் விடையை 2.0946 என்று முழுமையாக்கி, அடுத்த சுற்றை நான்கு தசம இடத்தில் போடுகிறார் என்று வையுங்கள். கனம் 9.1897, அதிலிருந்து 4.1892ஐயும் 5ஐயும் கழித்தால் 0.0005. உண்மையில் வர வேண்டியது 0.00054155. ஒன்பது சொச்சத்திலிருந்து ஒன்பது சொச்சத்தைக் கழிக்கும்போது முன் இலக்கங்கள் எல்லாம் அடிபட்டுப் போய், கடைசி இலக்கம் ஒன்றுதான் கையில் மிஞ்சுகிறது. விடை 2.094555 ஆகிறது. முழு இலக்கங்களோடு போட்டிருந்தால் 2.0945514829 வந்திருக்கும். இங்கே சாய்வை எவ்வளவு துல்லியமாகக் கணக்கிட்டாலும் பயனில்லை. கையால் போடுகிறவர்கள் சுற்றுக்குச் சுற்று f-இன் தசம இடங்களைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். சாய்வுக்கு நான்கைந்து இலக்கம் போதும்.

இதிலிருந்து சொல்லுக்கும் ஒரு குறிப்பு கிடைக்கிறது. சாய்வை மாற்றாமல் வைத்துப் போடுவதும் தனியொரு முறை. அதில் இரண்டாம் சுற்று முதலே நாம் வரைவது தொடுகோடு அல்ல, முதல் தொடுகோட்டுக்கு இணையான கோடு. ஆகவே ‘தொடுகோட்டு’ என்ற அடைமொழி இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. மற்றதை ‘நிலைச்சாய்வு முறை’ எனலாம்.

‘மீள்கணிப்பு’தான் எனக்கு இடறுகிறது. தேர்வுத்தாள் மறுகூட்டலைப் போல, போட்ட கணக்கைச் சரிபார்க்கத் திரும்பப் போடுவது என்று படிக்க இடமிருக்கிறது. இங்கே ஒரு சுற்றின் விடைதான் அடுத்த சுற்றின் தொடக்கம். ‘தொடர்கணிப்பு’ என்றால் தொடர்களின் கூட்டலோடு குழம்பும். ‘தொடுகோட்டுச் சுற்றுமுறை’ எப்படி?

சி.ம., யாழ்ப்பாணம்

‘சுற்றுமுறை’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு தடவைக்குச் ‘சுற்று’, கழிக்கும் அளவுக்குத் ‘திருத்தம்’ என்று அதிலிருந்தே கிடைக்கின்றன. ஆனால் ஒரு தடை சொல்ல வேண்டும். இந்த முறை உண்மையாகவே வட்டமிடும் கணக்குகள் உண்டு. x³ − 2x + 2 = 0 என்பதை 0இல் தொடங்குங்கள். f = 2, சாய்வு −2, அடுத்தது 1. அங்கே f = 1, சாய்வு 1, அடுத்தது மறுபடி 0. எத்தனை சுற்றுப் போட்டாலும் 0, 1, 0, 1தான். இதைக் கையேட்டில் ‘சுழல்’ என்று தனியாகக் குறித்துவிட்டால், ‘சுற்று’ம் ‘சுழலு’ம் குழம்பாது என்று நம்புகிறேன்.

வரலாற்றுப் பக்கம் ஒன்றும் சொல்ல வேண்டும். 1669 கட்டுரையில் நியூட்டன் தொடலி வரையவில்லை. x = 2 + p என்று இட்டு p³ + 6p² + 10p − 1 = 0 எனப் பெற்று, உயர்ந்த அடுக்குகளை விட்டு p = 0.1 என்றார். அடுத்து p = 0.1 + q என இட்டார். அப்போது வந்த சமன்பாட்டின் கடைசி இரண்டு உறுப்புகள் 11.23q + 0.061. நம் இரண்டாம் சுற்றின் அதே எண்கள். ராப்சன் 1690இல் ஒவ்வொரு முறையும் புதுச் சமன்பாடு எழுதாமல் ஒரே வாய்பாட்டில் மதிப்பைத் திரும்பத் திரும்ப இட்டார். பல்லுறுப்புக் கோவை அல்லாதவற்றுக்கும் இதை வகையீட்டோடு பொதுவாக்கியவர் சிம்ப்சன், 1740இல். ஆகவே ஆட்பெயரை விட்டுச் செயற்பெயர் வைப்பதில் யாருக்கும் அநீதி இல்லை. முதல் அடிக்குறிப்பில் மூவர் பெயரும் வரட்டும்.

க.வ., மதுரை

மிக்க நன்றி. ‘தொடுகோட்டுச் சுற்றுமுறை’, ‘சுற்று’, ‘திருத்தம்’, ‘சுழல்’ நான்கையும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டு ஐயங்கள் பாக்கி. இலங்கைப் பாடநூல்களில் ‘தொடலி’, இங்கே ‘தொடுகோடு’. இரு பக்க மாணவர்களும் படிப்பார்கள் என்றால் எதை வைப்பது? இரண்டாவது, திருத்தம் 0.0001க்குக் கீழே வந்தால் நிறுத்தலாம் என்று எழுதியிருக்கிறேன். அது போதுமா?

மு.இ., சிங்கப்பூர்

இரண்டாவதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். x³ − 2x − 5 போன்ற தனி மூலத்துக்குப் போதும். அங்கே கடைசித் திருத்தத்தைவிட மிஞ்சிய பிழை மிகச் சிறியது. (x − 1)² = 0 என்பதை 2இல் தொடங்கினால் 1.5, 1.25, 1.125 என்று பாதி பாதியாகத்தான் வரும், ஏனென்றால் மூலத்தை நெருங்க நெருங்கச் சாய்வும் பூச்சியமாகிறது. அங்கே திருத்தம் 0.0001 என்றால் மிஞ்சிய பிழையும் 0.0001. ஆகவே திருத்தங்களை வரிசையாக எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் முந்தையதில் பாதியாக இருந்தால் அது இரட்டை மூலம். திருத்தத்தை இரண்டால் பெருக்கிக் கழித்தால் பழைய வேகம் திரும்பிவிடும்.

சி.ம., யாழ்ப்பாணம்

முதலாவதற்கு என் விருப்பம் ‘தொடலி’. ‘தொடலிச் சுற்றுமுறை’ என்றால் சொல்லும் குறுகும். ஆனால் கையேடு மதுரையில் அச்சாகிறது. பா.ந.வும் த.ரா.வும் என்ன சொல்கிறார்கள்?