சொட்டு மருந்து போட்டும் சிவப்பு குறையாத பச்சிளங்குழந்தையின் கண்

திருச்சி அம்மா: எங்கள் மகள் பிறந்த 9ஆம் நாள் காலையில் வலக்கண் இமைகள் மஞ்சள் பீளையால் ஒட்டிக்கொண்டிருந்தன, துடைத்துத் திறந்து பார்த்தபோது வெண்விழி சிவந்து, இமையும் வீங்கியிருந்தது. மருத்துவர் பீளையைப் பஞ்சில் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, டோப்ராமைசின் சொட்டு மருந்தை முதல் இரண்டு நாள் 2 மணி நேரத்திற்கு ஒரு முறையும், பிறகு நாளைக்கு 4 முறையும் போடச் சொன்னார். 48 மணி நேரம் கழித்துக் கட்டாயம் காட்ட வேண்டும் என்றார். பீளை பாதியாகக் குறைந்ததால் போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தோம். போனது நல்லதாயிற்று. சிவப்பு அப்படியே இருந்தது. பரிசோதனையில் கிளமிடியா, அதாவது பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் பால்வினைக் கிருமி என்று வந்திருந்தது.

மதுரைப் பாட்டி: என் பேரனுக்கும் பீளை வந்தது. தாய்ப்பால் இரண்டு சொட்டு விட்டோம், சரியாகிவிட்டது. இதற்கெல்லாம் மருந்து தேவையில்லை.

ஓய்வு பெற்ற செவிலியர்: அம்மா, உங்கள் பேரனுக்கு வெண்விழி வெள்ளையாகவே இருந்திருக்கும், கண்ணீர்க்குழாய் அடைப்பால் வரும் பீளைக்கு ஆறிய வெந்நீரில் நனைத்த பஞ்சால் துடைப்பதே பெரும்பாலும் போதும். முதல் 28 நாளுக்குள் சிவப்போ வீக்கமோ இருந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். பிறந்த சில நாளிலேயே இமை புடைத்து, துடைக்கத் துடைக்கச் சீழ் வந்தால் அது கொனோரியா என்ற இன்னொரு பால்வினைக் கிருமியாக இருக்கலாம். விழிப்படலத்தையே துளைத்துவிடும் என்பதால், சில மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஊசி மருந்து தொடங்க வேண்டும். கிளமிடியாவுக்கும் சொட்டு மருந்து மட்டும் போதாது. கிருமி தொண்டையிலும் நுரையீரலிலும் தங்கியிருக்கலாம்.

திருச்சி அம்மா: ஆம், எடைக்கேற்ப அசித்ரோமைசின் சிரப்பை 3 நாள் கொடுத்தார்கள். நாங்கள் இருவரும்கூட மருந்து எடுத்துக்கொண்டோம். அதைக் கேட்டபோது சங்கடமாகத்தான் இருந்தது. குழந்தைக்கு இருமல் வருகிறதா என்று சில வாரங்கள் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

கோவை அப்பா: என் மகனுக்கு 8 மாதம். ஒரு கண்ணில் தண்ணீர் வடிகிறது, சிவப்பு இல்லை. வீட்டில் இருக்கும் பழைய கண் களிம்பை நாளைக்கு 4 முறை போடலாமா?

ஓய்வு பெற்ற செவிலியர்: உங்கள் கேள்வி வேறு. அடைப்புக்குக் களிம்பு பயன்படாது; மூக்கோரத்தில், கண்ணின் உள்முனையிலிருந்து கீழ்நோக்கி அழுத்தித் தடவும் முறையை மருத்துவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு வயதுக்குள் பெரும்பாலும் தானாகத் திறந்துவிடும். பழைய களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும், அதைத் தொடவே வேண்டாம்.

சேலம் சித்தி: சொட்டு மருந்து போடும்போது குழந்தை கண்ணை இறுக மூடிக்கொள்கிறதே?

திருச்சி அம்மா: நாங்கள் கீழிமையை மெல்ல இழுத்து, உள்ளே ஒரு சொட்டு விட்டோம், குப்பியின் முனை கண்ணில் படாமல். இரவில் மட்டும் களிம்பு போடலாமா என்று கேட்டோம். ஒரு மருத்துவர் சரி என்றார், இன்னொருவர் சொட்டு மருந்தையே தொடரச் சொன்னார்.