கொள்ளைக் கும்பலுக்கு மசாலாப் பெயர்கள்: யார் யாரென்று தெரியவில்லையாம், உதவி தேவை

இரவுப்பூனை: அவசரம், நாளைக்குள் கதையை அனுப்பணும். பெட்டகத்தை உடைக்கும் கும்பலில் எல்லோருக்கும் மசாலாப் பெயர்: மிளகு, மிளகாய், சீரகம், சோம்பு, கடுகு, கிராம்பு. படித்தவர்கள் எல்லோரும் குழம்புகிறார்கள். பெயர்களை மாற்றவா?

கோடைமழை: கதையைச் சொல்வது யார்? கும்பலில் பெண் உண்டா? ஒரு பத்தியாவது போடுங்க.

தட்டச்சுத்தம்பி: நான் என் கதையில் பூக்கள் வைத்தேன், அமோகமாக வந்தது. குணத்தைப் பார்த்துப் பெயர் வையுங்க. குள்ளமானவன் கடுகு, கோபக்காரன் மிளகாய். சட்டென்று பதியும்.

பழையபேனா: தம்பி, ஆளைக் காட்டிக்கொடுப்பதற்குப் பெயர் ரகசியப் பெயரா? 1940-இல் ஜெர்மானியர்கள் குண்டுவீச்சு விமானங்களுக்கு வழிகாட்டும் வானொலிக் கருவிக்கு வோட்டன் என்று பெயரிட்டார்கள். அது ஒற்றைக் கண் கடவுள். ஆர். வி. ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி அந்தப் பெயரை வைத்தே கருவி ஒற்றை வானொலிக் கதிரில்தான் ஓடுகிறது என்று ஊகித்துவிட்டார். கொஞ்சம் படித்துவிட்டு ஆலோசனை சொல்ல வரலாம்.

அணில்வால்: அது குருட்டு அதிர்ஷ்டம் ஐயா. பல கதிர்களில் ஓடிய முந்தைய கருவிக்கும் வோட்டன்தான் பெயர்.

பழையபேனா: அதிர்ஷ்டமோ என்னமோ, பெயர் துப்புக் கொடுத்ததா இல்லையா?

தட்டச்சுத்தம்பி: இது சிறுகதை சார், உலகப் போர் இல்லை. போலீஸ் குழம்பினால் போதும், வாசகர் எதற்குக் குழம்பணும்?

இரவுப்பூனை: கிராம்பு ஒரு பெண், அது கடைசியில்தான் தெரியணும். அதனால் எல்லோருக்கும் ‘அது’ போட்டிருக்கிறேன். இந்தாங்க: “சோம்பு கயிற்றை இறக்கியது. மிளகு திரும்பி மிளகாயைப் பார்த்தது. சீரகம் பையைத் திறந்தது.”

கோடைமழை: இதைத்தான் முதலிலேயே கேட்டேன். இரண்டு சிக்கல் இருக்கிறது. வேகமாகப் படிக்கிறவர் முதல் எழுத்தை வைத்துத்தான் ஆளைப் பிடிக்கிறார், மிளகும் மிளகாயும் பக்கத்தில் நின்றால் ஒரே ஆளாகிவிடும். சீரகமும் சோம்பும் அப்படித்தான். ஜோடிக்கு ஒன்றை எடுத்துவிட்டு ஏலக்காய், வெந்தயம் என்று தொடக்கமே வேறாக இருப்பதைப் போடுங்க. மஞ்சள் மட்டும் வேண்டாம், எந்த இடத்தில் நிறம், எந்த இடத்தில் ஆள் என்று இன்னொரு தொல்லை.

அப்புறம் அந்த ‘அது’. “சீரகம் பையைத் திறந்தது” என்றால் மனிதர்களே இல்லாத மாதிரி இருக்கிறது. ‘திறந்தான்’ என்றால் பொய், ‘திறந்தாள்’ என்றால் குட்டு உடைந்துவிடும். ‘திறந்தார்’ போடுங்க, ஆனால் எல்லோருக்கும் போடணும், கிராம்புக்கு மட்டும் போட்டால் வாசகர் உடனே மோப்பம் பிடித்துவிடுவார். பேச்சிலும் கவனம், யாராவது ஒருத்தரை ‘வாடா’ என்றால் கிராம்பை எப்படிக் கூப்பிடுவது? “கயிறு. சீக்கிரம்.” என்று சுருக்கிவிடுங்க.

பழையபேனா: திருடனுக்கு ‘ஆர்’ மரியாதையா! நகைச்சுவைக் கதை ஆகிவிடும்.

கோடைமழை: முதல் பக்கத்தில் உறுத்தலாம். கதையைச் சொல்பவர் கும்பலிலேயே இளையவர் என்றால் அதுவும் உறுத்தாது.

இரவுப்பூனை: மிளகாய் ஏலக்காய் ஆயிற்று, சோம்பு வெந்தயம். ‘ஆர்’ போட்டாச்சு. ஒரு இடத்தில் மட்டும் இடிக்கிறது, அப்படியே அனுப்பிவிட்டேன். நன்றி.

அணில்வால்: எந்த இடம்?