பிளாட் ஸ்டேக்கிங், பெர்சென்டேஜ் ஸ்டேக்கிங்: தமிழில் எப்படிச் சொல்வது?

நிர்மலா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பந்தயத்துக்கென்று ஒதுக்கிய பணத்தை எப்படிக் கையாள்வது என்று புதியவர்களுக்காக ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். பேங்க்ரோலுக்குக் 'கைமுதல்' என்று போட்டுவிட்டேன், அதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன். அடுத்த இரண்டில்தான் சிக்கல். ஒவ்வொரு பந்தயத்திலும் ஒரே தொகையை வைப்பது பிளாட் ஸ்டேக்கிங், அந்த நேரத்தில் கையில் இருப்பதில் இத்தனை சதவீதம் என்று வைப்பது பெர்சென்டேஜ் ஸ்டேக்கிங். இப்போதைக்கு 'நிலை வைப்பு', 'சதவீத வைப்பு' என்று எழுதியிருக்கிறேன். தொடர்ந்து தோற்றுக்கொண்டே போனால் இரண்டும் எப்படி நடந்துகொள்ளும் என்பதுதான் அந்த அத்தியாயம், அதனால் சொல்லைப் பார்த்ததுமே வேறுபாடு பிடிபட வேண்டும்.

சுந்தரம் எழுதியது:

நிலை வைப்பு ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல்தானே அம்மா, வங்கியில் போடுவது. முதிர்வுக்கு முன்னால் எடுத்தால் வட்டி குறையும் என்பது சரி, ஆனால் அதில் 'தொடர்ந்து தோற்பது' எங்கே வருகிறது என்று புரியவில்லை. சதவீத வைப்பு என்றால் வட்டி வீதம் மாறிக்கொண்டே இருக்கும் வகையா?

பாரி எழுதியது:

சுந்தரம் ஐயா கேட்டதிலேயே விடை இருக்கிறது, 'வைப்பு' வேண்டாம். பணயம் என்று நல்ல பழைய சொல் இருக்கும்போது எதற்குத் தேட வேண்டும்? முதலாவது நிலைப்பணயம். இரண்டாவதற்குத் தேய்பணயம் என்று வைக்கலாம், தோற்கத் தோற்கத் தேய்பிறை மாதிரி தொகை சுருங்கிக்கொண்டே வரும் இல்லையா? சொல்லே முறையை விளக்கிவிடும்.

நிர்மலா அக்கா, கையேட்டில் இன்னொன்றும் எழுதுங்கள். தேய்பணயத்தில் ஒருமுறை இறங்கிவிட்டால் மேலே வருவது ரொம்பக் கடினம். பாதி போய்விட்டால் இருப்பதை இரட்டிப்பாக்கினால்தான் பழைய இடத்துக்கு வர முடியும், அதையும் சுருங்கிப்போன பணயத்தை வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். நிலைப்பணயத்தில் அந்தத் தொல்லை இல்லை, எத்தனை தோற்றோமோ அத்தனை ஜெயித்தால் போதும்.

கயல்விழி எழுதியது:

> தேய்பணயத்தில் ஒருமுறை இறங்கிவிட்டால் மேலே வருவது ரொம்பக் கடினம்

பாரி, இது பாதி சரி. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கைமுதல் 1000, ஜெயித்தால் வைத்த அளவு கிடைக்கும் பந்தயம். ஒருவர் எப்போதும் 20 வைக்கிறார், இன்னொருவர் இருப்பில் 2 சதவீதம். முதல் தோல்வியில் இருவரிடமும் 980. இரண்டாவது பந்தயத்துக்கு ஒருவர் அதே 20, மற்றவர் 19.60. பத்துத் தோல்வி முடியும்போது 800, 817 என்று நிற்கும், பெரிய வித்தியாசம் இல்லை. இருபதில் 600, 668. ஐம்பதில்தான் ஒருவரிடம் ஒன்றுமே இருக்காது, மற்றவரிடம் 364 இருக்கும்.

இருபது தோற்றபின் இருபது ஜெயிக்கிறார்கள் என்று வையுங்கள். நிலைப்பணயக்காரர் சரியாக 1000-க்கு வந்துவிடுவார், மற்றவர் 992-ல் நிற்பார், இருபத்தொன்றாவது வெற்றியில் ஆயிரத்தைத் தாண்டிவிடுவார். காரணம் எளிது, ஜெயிக்கும்போது அவருடைய பணயமும் கூடவே வளர்கிறது. ஆக 2 சதவீதத்தில் பாரி சொல்லும் தொல்லை கண்ணுக்கே தெரியாது. ஆனால் அதையே 10 சதவீதமாக்கிப் பாருங்கள், இருபது தோல்வியில் 122 வரை போய், இருபது வெற்றிக்குப் பிறகும் 818-ல்தான் நிற்பார். அதனால்தான் பாதி சரி என்றேன். அதே அளவில், அதாவது எப்போதும் 100 வைப்பவர், பத்தாவது தோல்வியிலேயே காலி, எழுந்து வருவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

'தேய்' பொருந்தாததும் இதனால்தான். அது வளரவும் செய்கிறது.

'நிலை' என்பதிலும் எனக்கு உறுத்தல் உண்டு. தொகைதான் நிலையாக நிற்கிறது, அது கைமுதலில் எடுத்துக்கொள்ளும் பங்கு நிற்பதில்லை. 1000-ல் 20 என்பது 2 சதவீதம், 400-ல் அதுவே 5 சதவீதம், 100-ல் 20 சதவீதம். நிதானமாக ஆடுகிறோம் என்ற நினைப்பிலேயே ஆபத்தைக் கூட்டிக்கொண்டு போகிறோம். எது மாறாமல் இருக்கிறது என்பதைச் சொல்லிலேயே காட்ட வேண்டும். ஒன்று நிலைத்தொகைப் பணயம், மற்றது இருப்புவீதப் பணயம் என்பது என் பரிந்துரை.

'சதவீதப் பணயம்' ஏன் போதாது என்றால், புதியவர்கள் பலர் தொடங்கும்போது ஒரு தடவை 1000-ல் 2 சதவீதம் என்று கணக்கிட்டு 20-ஐ எடுத்துக்கொண்டு, கடைசிவரை அதையே வைத்துக்கொண்டு, நான் சதவீத முறையில் ஆடுகிறேன் என்பார்கள். அது நிலைத்தொகைதான். பதிவேட்டில் பணயப் பத்தியைப் பார்த்தாலே தெரிந்துவிடும், ஏழெட்டுத் தோல்வி கழித்தும் எண் மாறவில்லை என்றால் இருப்பை அவர்கள் திரும்பிப் பார்க்கவே இல்லை. 'இருப்பு' என்ற சொல் உள்ளே இருந்தால் அந்தக் குழப்பம் குறையும்.

செந்தில் எழுதியது:

நான் கைமுதல் 200 வைத்து, இருப்பில் 5 சதவீதம் என்று ஆடுபவன். ஜெயித்தால் மூன்று மடங்கு லாபம் தரும் வகைதான் என் தேர்வு, நாலில் ஒன்று வந்தாலே அசல் தேறும். அதனால் நீண்ட தோல்வி வரிசை எனக்குப் புதிதல்ல. என் பிரச்சினை வேறு. நான் ஆடும் இடத்தில் 5-க்குக் குறைவாகப் பணயம் ஏற்க மாட்டார்கள். பதினான்கு தோல்வி தொடர்ந்து வந்தால் கணக்குப்படி அடுத்த பணயம் 4.88, நான் வைக்க வேண்டியதோ 5. அதற்குப் பிறகும் தோற்றால் 5, 5, 5 என்றே போகும். அப்போது அது எந்த முறை? அதற்கும் ஒரு பெயர் வேண்டும்.

கயல்விழி எழுதியது:

அந்த இடத்திலிருந்து நீங்கள் நிலைத்தொகைக்கு மாறிவிட்டீர்கள் செந்தில், அதுவும் கைமுதல் பாதிக்குக் கீழே போன பிறகு. இருப்புவீதத்தில் கை முழுசாகக் காலியாகாது என்பது காகிதத்தில் மட்டும்தான், குறைந்தபட்சத் தொகை ஒன்று இருக்கும் இடத்தில் அந்தப் பாதுகாப்பு அங்கேயே முடிந்துவிடும். 'அடிப்பணயம்' என்று சொல்லிப் பார்க்கலாமா? நிர்மலா, புதியவர்கள் தொடங்கும் முன்பே தங்கள் பணயம் எத்தனையாவது தோல்வியில் இந்த அடியைத் தொடும் என்று எண்ணிப் பார்க்கட்டும். நாலுக்கு ஒன்று வாய்ப்புள்ள பந்தயங்களை ஆயிரம் முறை ஆடினால் நடுவே எங்காவது ஏறத்தாழ இருபது தொடர்தோல்வி வருவது இயல்புதான். சரிபாதி வாய்ப்பு என்றால் ஒன்பது, பத்து.

அப்புறம் ஒன்று, வாய்ப்பே நமக்கு எதிராக இருக்கும் பந்தயத்தில் இரண்டு முறையும் கீழேதான் இறங்கும், இருப்புவீதம் கொஞ்சம் மெதுவாக இறங்கும், அவ்வளவே. எந்தப் பெயர் வைத்தாலும் இது மாறாது.

பாரி எழுதியது:

கணக்கை ஒப்புக்கொள்கிறேன். 'இருப்புவீதப் பணயம்' என்று யாரும் பேச்சில் சொல்ல மாட்டார்கள், வாய் வலிக்கும். வீதப்பணயம் என்று சுருக்கினால் என்ன?

சுந்தரம் எழுதியது:

இப்போது புரிந்தது, வங்கி இல்லை. ஆனால் 'இருப்பு' என்றாலும் எனக்கு வங்கிதான் ஞாபகம் வருகிறது.

நிர்மலா எழுதியது:

அத்தியாயத் தலைப்பில் நிலைத்தொகைப் பணயம், இருப்புவீதப் பணயம் என்றே போடுகிறேன், உள்ளே இரண்டாவதை வீதப்பணயம் என்று சுருக்கிக்கொள்கிறேன். அடிப்பணயத்தையும் எடுத்துக்கொண்டேன். ஒன்று மட்டும் பாக்கி. பலர் ஒவ்வொரு பந்தயத்துக்கும் கணக்கிடுவதில்லை, வாரத்துக்கு ஒருமுறை இருப்பைப் பார்த்து 2 சதவீதம் எடுத்து, அந்த வாரம் முழுக்க அதே தொகையை வைக்கிறார்கள். ஒரே நேரத்தில் நாலைந்து பந்தயம் திறந்திருக்கும்போது அதுதான் வசதியும்கூட. வாரத்துக்குள் பார்த்தால் நிலைத்தொகை, மாதக் கணக்கில் பார்த்தால் இருப்புவீதம். இதை எந்தப் பக்கம் சேர்ப்பது?

பாரி எழுதியது:

படிப்பணயம்? வாரத்துக்கு ஒரு படி ஏறும் அல்லது இறங்கும்.

செந்தில் எழுதியது:

'தினப்படி' வாங்குகிற படி என்று படித்துவிடுவார்கள். எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை, யோசித்துவிட்டு எழுதுகிறேன்.