புதுப்பிப்பு: வங்குரோத்தான வாடிக்கையாளரின் மீதிக் கடன்

என் கேள்வி: "4,00,000 ரூபா தர வேண்டிய கடைக்காரர் வங்குரோத்தாகி, ரூபாவுக்கு 25 சதம்தான் தருகிறார், இந்தக் கடனுக்கென ஏற்கெனவே 2,40,000 ஐயக்கடன் ஏற்பாடு உண்டு. மீதியை எப்படிப் பதிவது?"

உதவிய எல்லோருக்கும் நன்றி. கிளிநொச்சியிலுள்ள எங்கள் விதை, உரக் கடையின் பேரேட்டில் இப்போது கணக்கு முடிந்துவிட்டது. வவுனியாக் கணக்காளர் அண்ணா சொன்ன வழியே சரிவந்தது: கிடைத்த 1,00,000 ரூபாவை வங்கிக்கு வரவு வைத்தபின், எஞ்சிய 3,00,000இல் 2,40,000ஐ ஏற்பாட்டுக் கணக்கிலும் 60,000ஐ மட்டும் அறவிடமுடியாக் கடனிலும் வரவெழுதி, கடன்பட்டவர் கணக்கை முழுதாகச் செலவு வைத்து மூடினேன். மீதி முழுவதையும் இலாப நட்டத்துக்குக் கொண்டுபோகச் சொன்ன தம்பி பாதி சரி. ஆனால் ஏற்பாடு வைத்த ஆண்டிலேயே 2,40,000 செலவாகிவிட்டதால், அது இருமுறை கழிந்திருக்கும்.

எதிர்பாராதது, ஆண்டிறுதியில் பொது ஏற்பாட்டைக் கணிக்கும்போது இந்தக் கடன் இன்னும் பட்டியலில் இருந்தது. நீக்கியபின்தான் தொகை ஒத்துவந்தது. பின்னர் இன்னொரு பங்கீடு கிடைத்தால் அது மீட்ட கடனாக வருமானத்தில் சேரும். வரிக் கழிவு ஏற்கப்படுமா என்பது இன்னும் முடிவாகவில்லை.