பேச்சாளர் குறிப்பு ஒன்று சொல்ல, புரொஃபைல் வேறொன்று சொன்னால்? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

கொக்குவில் அக்கா

கொழும்பில் நடந்த ஒரு மென்பொருள் மாநாட்டில் பேச எங்கள் அலுவலகத் தம்பி ஒருவர் தெரிவானார். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் மெதுவாக ஓடும் தேடல்களை இண்டெக்ஸ் போட்டு வேகப்படுத்துவது பற்றிய பேச்சு. அவர் அனுப்ப வைத்திருந்த குறிப்பு இது:

"யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கணினி அறிவியல் பட்டதாரி. தொழில்நுட்பத்தில் தீராத ஆர்வம் கொண்டவர். பல மேடைகளில் உரையாற்றியுள்ளார்."

போஸ்ட்கிரெஸ் என்ற சொல்லே இதில் இல்லை. லிங்க்ட்இன் தலைப்பு வரியிலோ 'ஃபுல் ஸ்டாக் டெவலப்பர்' என்று இருந்தது. நிகழ்ச்சி நிரலில் பேச்சின் தலைப்பைப் பார்த்து, பெயரைச் சொடுக்கிப் போகிறவருக்கு இது அதே ஆள்தானா என்று சந்தேகம் வரும்.

"இந்த விடயத்தில் உங்கள் கையால் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன். மருந்துக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருளில், மாதக் கடைசி அறிக்கை நிமிடக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்ததாம். அதைச் சில வினாடிகளுக்குக் கொண்டுவந்தவர் இவர். அதைத்தான் முதல் வசனமாக்கினோம்:

"மருந்துக் கடை பில்லிங் மென்பொருளில் மெதுவாக ஓடும் போஸ்ட்கிரெஸ் தேடல்களைக் கண்டுபிடித்துச் சீராக்குவது இவரது வேலை. இண்டெக்ஸ் தெரிவு பற்றியும் `EXPLAIN ANALYZE` முடிவை வாசிப்பது பற்றியும் பேசுபவர். 2023இல் யாழ்ப்பாணத்தில் மாணவர்களுக்கு 'இண்டெக்ஸ் இருந்தும் ஏன் மெதுவு?' என்ற பட்டறையை நடத்தினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பட்டதாரி."

பட்டத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. கையேட்டில் இடம் போதாவிட்டால் ஏற்பாட்டாளர்கள் வாலில்தான் வெட்டுவார்கள். 'பல மேடைகள்' என்பதை எடுத்துவிட்டு ஒரே ஒரு பட்டறையைத் தலைப்போடும் ஆண்டோடும் போட்டோம். அதை யாரும் தேடிப் பார்க்கலாம். அப்புறம் லிங்க்ட்இன் தலைப்பு வரியிலும் 'போஸ்ட்கிரெஸ் வேகம்' என்று சேர்த்தார். அங்கே 220 எழுத்துவரை இடமிருக்கிறது.

கிளிநொச்சி மாணவன்

அக்கா, 'நான்' என்று எழுதினால்தானே நெருக்கமாக இருக்கும்? பேசிய எல்லாப் பேச்சையும் போட்டால் அனுபவமும் தெரியும். பொறியியல் பீடத்தில் நான் செய்த ரோபோ பேச்சு உட்பட ஐந்தாறு பேச்சையும் அப்படித்தான் போட்டிருக்கிறேன்.

வண்ணைவாசி

தம்பி, சொந்த இணையத்தளத்தில் 'நான்' நல்லாகவே இருக்கும். மாநாட்டுக் குறிப்பை அறிவிப்பாளர் மேடையில் வாசிப்பார். அவர் வாயில் 'நான்' வந்தால் தடுமாறித்தான் போவார். அதனால் படர்க்கையில் எழுதுங்கள். எல்லாப் பேச்சும் வேண்டாம். இப்போது பேசப்போகும் விடயத்துக்குக் கிட்டிய இரண்டு மூன்று போதும். உங்கள் ரோபோ பேச்சு நல்லதாக இருக்கலாம், ஆனால் தரவுத்தளப் பேச்சுக்கான குறிப்பில் அது வாசிப்பவரைத் திசைதிருப்பும்.

பேச்சுகளைத் தெரிவுசெய்யும் குழுவில் சில காலம் இருந்தவன் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். சில மாநாடுகளில் முதற்சுற்றில் பெயரையும் குறிப்பையும் மறைத்துவிட்டுத்தான் வாசிப்போம். பில்லிங் கதை குறிப்பில் மட்டும் இருந்தால் அந்தச் சுற்றில் எங்களுக்குத் தெரியவே வராது. பேச்சுச் சுருக்கத்திலும் ஒரு வசனம் வேண்டும்: 'மருந்துக் கடை அறிக்கை ஒன்றை வேகப்படுத்திய அனுபவத்திலிருந்து' என்பதுபோல, பெயரும் நிறுவனமும் வராமல்.

சுன்னாகம் வாத்தியார்

நானும் ஒரு விஞ்ஞான அமர்வுக்கு இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். ஓ/எல், ஏ/எல் பெறுபேறு, பயிற்சிகள், பரிந்துரைப்பவர் இருவர். இதை எப்படி எழுபது சொல்லாக்குவது?

கொக்குவில் அக்கா

சேர், அது வேலைக்கு அனுப்பும் சுயவிபரக்கோவை. சுருக்கப் பார்க்காதீர்கள், அதை அப்படியே வைத்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள். அமர்வில் எதைப் பற்றிக் கதைக்கப்போகிறீர்கள்?

சுன்னாகம் வாத்தியார்

கிணற்று நீரில் நைத்திரேற்று. மாணவர்களோடு சேர்ந்து எங்கள் பக்கத்துக் கிணறுகளில் மாதிரி எடுத்துச் சோதித்தோம்.

கொக்குவில் அக்கா

சரி, அதுவே முதல் வசனம். பரிந்துரைப்பவர்கள் தேவையில்லை.

வண்ணைவாசி

எனக்கு இன்னும் தீராத ஒன்று பெயர். நிகழ்ச்சி நிரலில் Gajan, லிங்க்ட்இன்னில் Kajan என்று இருந்தால் பேச்சின் வீடியோவைத் தேடிவருபவர் உங்கள் புரொஃபைலுக்கு வந்து சேரமாட்டார். ஒரே எழுத்துக்கூட்டலை எல்லா இடத்திலும் வையுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் வெளிநாட்டு மாநாடென்றால் விசாவுக்கான அழைப்புக் கடிதத்தில் கடவுச்சீட்டில் உள்ளபடிதான் பெயர் வேண்டும். அதில் அப்பாவின் பெயர் முன்னால் நிற்கும். ஒருமுறை மேடையில் அப்பாவின் பெயரைச் சொல்லியே என்னை அழைத்தார்கள். இப்போது கடிதத்துக்கு ஒரு பெயர், நிரலுக்கு ஒரு பெயர் என்று தனித்தனியாக எழுதிக் கொடுக்கிறேன். படிவத்தில் பெயருக்கு ஒரே ஒரு பெட்டிதான் இருந்தால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

கிளிநொச்சி மாணவன்

நான் கடவுச்சீட்டுப் பெயரைப் போட்டு, குறிப்பின் முதல் சொல்லாக எல்லோருக்கும் தெரிந்த பெயரை வைத்தேன். கடிதம் சரியாக வந்தது. நிரலில் என்ன பெயர் வரும் என்று இன்னும் தெரியவில்லை, அடுத்த மாதம்தான் மாநாடு.