புதுப்பிப்பு: டெபாசிட் மெஷினில் போட்ட பணம் வந்துவிட்டது, ஒரு நோட்டைத் தவிர

முன்பு கேட்டது: "ஈரோட்டில் மெஷினில் 24,500 போட்டேனுங்க. எண்ணி முடித்ததும் திரை அணைந்துவிட்டது. ரசீதும் இல்லை, கணக்கிலும் ஏறவில்லை. என்ன பண்றது?"

24,000 வரவாகிவிட்டது. இங்கே பதில் சொன்ன ஓய்வுபெற்ற கேஷியர் அண்ணன் விளக்கியபடிதான் நடந்தது. எண்ணிய நோட்டுகள் நாம் உறுதி செய்யும்வரை தற்காலிக அடுக்கில் நிற்குமாம். அந்த நேரத்தில் மின்சாரமோ இணைப்போ போனால், பணம் உள்ளே இருக்கும், கணக்குக்குத் தகவல் போயிருக்காது. அதனால் புகார் கொடுத்த உடனே கிளை தராது. மெஷினைத் திறந்து எண்ணும்போது, அதன் கணக்கைவிடக் கையில் பணம் கூடுதலாக இருக்க வேண்டும். அந்த உபரியும் மெஷினின் பதிவும் நம் புகாரின் நேரம், தொகையோடு பொருந்தினால்தான் வரவு. எனது கணக்கு வேறு கிளையில் இருப்பதால், மெஷின் வைத்திருக்கும் கிளை உறுதிப்படுத்தும்வரை இழுத்தது.

"நாளுக்கு 100 ரூபாய் கேளுங்க" என்றார் கோபிக்காரத் தம்பி. அந்தத் தாமத இழப்பீடு, ஏடிஎம்மில் பணம் வராமலே கணக்கில் கழிந்து, 5 நாளைத் தாண்டியும் திரும்ப வராவிட்டால்தான். போடுகிற பணத்துக்கு அந்த விதி பேசவில்லை. யுபிஐயில் வேறு யாருக்கோ பணம் போன கதையைச் சொன்ன அக்காவுக்கு: அது வேறு விவகாரமுங்க.

மெஷின் பதிவில் 48 ஐந்நூறுதான். நான் 49 வைத்தேன். மெஷினுக்குள் நோட்டுகளை நகர்த்தும் பட்டையில் ஒன்று சிக்கியிருக்கலாம் என்கிறார் கேஷியர் அண்ணன், கிளை ஒத்துக்கொள்ளவில்லை. எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு cms.rbi.org.in வழியாக அனுப்புவேன்.